காரைக்குடி வினாடி வினா இறுதிச்சுற்று: மேடை அறிமுகம்

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசைக்கு என் குரல் கேட்கிறதா? கேட்டால் கை தூக்குங்கள். சரி. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ஆச்சிமார்கள் யாரும் கை தூக்கவில்லை. தம்பி, அந்த ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடப்பா.

காலையில் நடந்த எழுத்துச் சுற்றுக்கு 41 அணிகள் வந்திருந்தன. அதில் தேறிய ஆறு அணிகள் இப்போது மேடையில் இருக்கின்றன. ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேர். ஒருவர் பள்ளிப் பிள்ளை, இன்னொருவர் 55 வயதைத் தாண்டியவர். அப்பத்தாவும் பேரனுமாக வந்தவர்கள் உண்டு. ஐயாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையுமாக வந்தவர்களும் உண்டு. சொந்தமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. செட்டிநாட்டைப் பற்றிப் பாதி சேதி பெரியவர்களிடம் இருக்கிறது, மீதிப் பாதியைப் பிள்ளைகள் படித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் இந்தப் போட்டி.

அணிகளுக்கு முதலில் ஊர்ப் பெயரைத்தான் வைப்பதாக இருந்தோம். தேவகோட்டை ஒரு பக்கம், பள்ளத்தூர் ஒரு பக்கம் என்று விசில் பறந்தால் இந்த மண்டபம் சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலாகிவிடும் என்று பயந்து, வீட்டின் பகுதிகளைப் பெயராக வைத்துவிட்டோம். இடமிருந்து வலமாக முகப்பு, பட்டாலை, வளவு, ஆல்வீடு, பெட்டகசாலை, அடுப்படி. அடுப்படி அணியில் இருக்கும் ஐயா, "சீட்டு எடுத்ததும் இது வந்தது, வீட்டிலும் இதுதான் எனக்கு" என்றார். ஆச்சி முன்வரிசையில்தான் இருக்கிறார், ஐயா. பார்த்துப் பேசுங்கள்.

இனி சுற்றுகள். பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

முதல் சுற்று நேரடிக் கேள்வி. அணிக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி. பிள்ளை தனியாகப் பதில் சொன்னால் 10 மதிப்பெண். பெரியவரைக் கேட்டுச் சொன்னால் 5. பெரியவர்கள், பிள்ளை கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. உதட்டை அசைப்பதும் கூடாது, தொடையில் கிள்ளுவதும் கூடாது. பதில் தெரியவில்லை என்றால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அங்கே சரியாகச் சொன்னால் 5. ஒரு கேள்வி ஒரு முறைதான் கைமாறும். அதற்கு மேல் அது பார்வையாளர்களுக்கு. சொல்பவருக்கு ஒரு பொட்டலம் சீப்புச் சீடை. அணிக்காரர்களின் வீட்டார் கையைத் தூக்கக் கூடாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இந்த ஊரில் யார் யாருக்கு உறவில்லை?

இரண்டாவது, தட்டுச் சுற்று. இதில் பெரியவருக்குத்தான் பேச்சு. துணி மூடிய தட்டில் ஒரு பொருள் வரும். துணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. பெயருக்கு 5, எதனால் செய்தது என்பதற்கு 5, எதற்குப் பயன்பட்டது என்பதற்கு 5. உதாரணத்துக்குக் கொட்டான் வந்தால் "கொட்டான், பனை ஓலை, சீர்ப் பலகாரம் வைத்துக் கொடுக்க" என்றால் முழுசாக 15. வெறுமனே "கூடை" என்றால் முதல் 5 போச்சு. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் எல்லாப் பெயரும் செல்லும். தட்டுகள் இப்போதே திரைக்குப் பின்னால் இருக்கின்றன. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மாமா அந்தப் பக்கம் இரண்டு முறை நடந்து போனதை நாங்களும் பார்த்தோம்.

மூன்றாவது, ஆள் யார் சுற்று. ஒரு மனிதரைப் பற்றி நான்கு குறிப்புகள், கடினமானது முதலில். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் 20, அடுத்ததில் 15, பிறகு 10, கடைசியில் 5. எல்லா அணியும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எழுதிய பிறகு அழிக்க முடியாது, தவறாக எழுதினால் அந்த ஆளைப் பொறுத்தவரை நீங்கள் வெளியே. எப்படி என்று இப்போதே ஒன்று பார்ப்போம். 1909இல் பிறந்தார், லண்டனில் பாரிஸ்டர் படித்தார். யாராவது? இரண்டாவது குறிப்பு: ஓர் ஆய்வுக்கூடம் நம் ஊருக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மூன்றாவது: அந்தக் கட்டடத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பாருங்கள், சிக்ரி சிக்ரி என்று சத்தம் வந்துவிட்டது. நான்காவது குறிப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்துவிடும், அதை நம் ஊர் பஸ் கண்டக்டரே சொல்லிவிடுவார். ஆமாம், அழகப்பச் செட்டியார்தான். மேடையில் இவ்வளவு எளிதாக இருக்காது. இசை, அச்சு, சினிமா, விடுதலைப் போர் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

கடைசி, மணிச் சுற்று. 12 கேள்வி, முதலில் மணி அடிப்பவருக்கு வாய்ப்பு. சரியென்றால் 10, தவறென்றால் 5 கழியும். கேள்வி முடியும் முன் அடித்தால் வாசிப்பது அங்கேயே நிற்கும், கேட்ட வரைக்கும் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு யோசிக்க 5 வினாடி. காலையில் நடந்த ஒத்திகையில் முன்னால் இருந்த அணி இந்தச் சுற்றில்தான் கவிழ்ந்தது, ஜாக்கிரதை. சமநிலை வந்தால் ஒரே கேள்வி, முதலில் சரியாகச் சொல்பவர் ஜெயித்தார்.

கேள்விகள் எல்லாம் ஆயிரம் ஜன்னல், பிள்ளையார்பட்டி, நண்டுக் குழம்பு என்று இருக்கும் என நினைத்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வளவைக் கட்டியவர் பெயர் மட்டுமல்ல, நிலைக்கதவைச் செதுக்கியவர், சுவரில் சுண்ணாம்பை இழைத்தவர், கண்டாங்கி நெய்தவர், தளக்கல் வார்த்தவர் என எல்லார் வேலையும் கேள்வியாக வரும். சும்மா ஒன்று கேட்கிறேன், மதிப்பெண் இல்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் எவ்வளவு நேரம் சுட வேண்டும்? அங்கே ஒரு பாப்பா, "சுடவே மாட்டாங்க" என்கிறது. அதுதான் பதில். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. பாப்பாவுக்கு ஒரு சீடைப் பொட்டலம் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கல் வார்க்கிறார்களா, பாப்பா? தாத்தாவா! அப்போது இரண்டு பொட்டலமாகக் கொடுங்கள்.

வினா கேட்கப் போகிறவர் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லிப் புகழக் கூடாது, "வாத்தியார்" என்றாலே போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இங்கே பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள், அதனால் பெயர் தேவையும் இல்லை. எல்லாக் கேள்விகளையும் அவரே எழுதினார். ஒரு கேள்விகூட எங்களுக்குத் தெரியாது. அவர் "பதில் தவறு" என்றால் தவறு. மறுப்பு இருந்தால் அடுத்த கேள்வி தொடங்கும் முன் கை தூக்கலாம். ஓரத்து மேசையில் ஒரு தச்சாசாரியாரும், பலகாரத்திலும் சடங்கிலும் கைதேர்ந்த ஓர் ஆச்சியும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத்தான் வாத்தியார் மாற்றிச் சொல்வார். மேடைக்கு ஏறி வந்து வாதாடினால் அணிக்கு 10 குறையும்.

முதல் பரிசு அணியில் ஆளுக்கு ஒரு காரைக்குடிக் கண்டாங்கி, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சேலை. ஆண்கள் வென்றால் யாருக்குக் கொடுப்பது என்பது அவரவர் வீட்டுப் பஞ்சாயத்து. மற்ற அணிகளுக்குப் புத்தகங்கள்.

கைபேசியை அணைத்து எதிரில் இருக்கும் கொட்டானில் போட்டுவிடுங்கள். பார்வையாளர்கள் அணைக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் குறையுங்கள். மதிப்பெண் பலகையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுதுகிறார்கள். கூட்டல் தவறினால் உடனே சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

வாத்தியார் ஐயா, மைக் உங்களுடையது. முதல் கேள்வி முகப்பு அணிக்கு.