மாரியம்மன் வைகாசிப் பொங்கல்: வரியும் நன்கொடையும் கேட்டு ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

அம்மன் துணை

வடக்குக்கரைப்பட்டி, விருதுநகர் மாவட்டம்
26.04.2026, ஞாயிறு

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் சொந்தங்களே,

வணக்கம். பராபவ வருடம் வைகாசி 5 (19.05.2026) செவ்வாய் இரவு அம்மனுக்குக் காப்புக் கட்டி, வைகாசி 12 (26.05.2026) செவ்வாய் பொங்கல் வைப்பது என்று போன வாரம் ஊர்க் கூட்டத்தில் முடிவானது. அன்று காலை பால்குடம், அக்கினிச் சட்டி. சாயங்காலம் பொங்கலும் மாவிளக்கும். ராத்திரி வள்ளி திருமண நாடகம். மறுநாள் புதன்கிழமை முளைப்பாரி ஊர்வலமும் மஞ்சள் நீராட்டும்.

வழக்கமாக நோட்டீஸ் அடித்து வரித்தொகையை மட்டும் போடுவோம். இந்த முறை கணக்கு முழுவதையும் உங்கள் முன் வைக்கிறோம். காரணம் உங்களுக்கே தெரியும். போன வருசம் திருவிழா முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் வரவு செலவு வாசித்தோம். அதற்குள் டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு ஓடிவிட்டது. பணம் எங்கும் போகவில்லை, ஆனால் தாமதம் எங்கள் தப்புதான். அதுவும் போக, பந்தல்காரருக்கு இன்னும் 38,400 ரூபாய் பாக்கி நிற்கிறது. அந்தக் கடனை முதலில் அடைக்காமல் அம்மனுக்குப் பந்தல்கால் நட எங்களுக்கு மனசு வரவில்லை. அதனால் செலவுப் பட்டியலில் அதுதான் முதல் வரி.

இந்த வருசம் ஆகக்கூடிய செலவு

| வ.எண் | விவரம் | ரூபாய் |
|---|---|---:|
| 1 | போன வருசப் பந்தல் பாக்கி | 38,400 |
| 2 | கோவிலுக்கு வெள்ளையடிப்பு, வண்ணப் பூச்சு | 32,000 |
| 3 | எட்டு நாள் அபிஷேகம், பூசைச் சாமான், பூமாலை | 46,000 |
| 4 | பூசாரி, கரகம் ஜோடிப்பவர் சம்பளம், சாமியாடிகளுக்கு வேட்டி துண்டு | 27,500 |
| 5 | நையாண்டி மேளம் | 65,000 |
| 6 | பந்தல், சேர் வாடகை | 58,000 |
| 7 | ரேடியோ செட், சீரியல் லைட் | 62,000 |
| 8 | தற்காலிக மின் இணைப்பு, ஜெனரேட்டர், டீசல் | 24,000 |
| 9 | வள்ளி திருமண நாடகம் | 95,000 |
| 10 | அன்னதானம், ஒரு வேளை, 1,500 பேர் | 1,12,000 |
| 11 | முளைப்பாரி வீடு, நவதானியம், கும்மிக்கு ஏற்பாடு | 18,000 |
| 12 | வாணவேடிக்கை | 25,000 |
| 13 | நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் | 9,500 |
| 14 | குடிதண்ணீர், துப்புரவு, தற்காலிகக் கழிப்பறை | 16,000 |
| 15 | சில்லறைச் செலவு | 12,000 |
| | மொத்தம் | 6,40,400 |

சில விவரம் சொல்ல வேண்டும். இளைஞர்கள் ஆர்கெஸ்ட்ரா கேட்டார்கள். விசாரித்ததில் நாடகத்தைப் போல இரண்டு மடங்கு சொன்னார்கள், அதனால் இல்லை. நாடகத்துக்கு மதுரைக்குப் போய்ப் பேசி முன்பணமும் கொடுத்தாச்சு. வாணவேடிக்கையையும் நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு வாணம் விடாமல் திருவிழாவா என்று கூட்டமே எழுந்துவிட்டது. சரி, 25,000-க்கு மேல் போகாது என்று பேசி முடித்தோம். கூம்புக் குழாய் கட்ட அனுமதி கிடையாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நோயாளி இருக்கிற தெருவில் அதையும் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

கழிப்பறைச் செலவு புதுசு. எட்டு நாள் ராத்திரி கும்மிக்கு நிற்கிற பெண்கள் படும் பாட்டை மகளிர் குழுவினர் கூட்டத்தில் எழுந்து சொன்ன பிறகு, இத்தனை வருசம் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாகத்தான் இருந்தது.

25.04.2026 வரை வந்த வரவு

| விவரம் | ரூபாய் |
|---|---:|
| தலைக்கட்டு வரி முழுசாகக் கட்டியவர்கள், 87 வீடு × 2,000 | 1,74,000 |
| பாதி கட்டியவர்கள், 31 வீடு × 1,000 | 31,000 |
| சென்னை, திருப்பூர், கோவையில் இருப்பவர்கள், 19 பேர் | 58,500 |
| சிங்கப்பூர், வளைகுடாவில் இருப்பவர்கள், 6 பேர் | 41,000 |
| நம் ஊரில் பிறந்து வெளியூரில் வாக்கப்பட்ட பெண்மக்கள் | 22,600 |
| உண்டியல் | 17,350 |
| கண்மாய்க்கரைப் புளியமரம் ஏலம் | 21,000 |
| மொத்தம் | 3,65,450 |

இன்னும் 2,74,950 ரூபாய் வேண்டும். வரி கட்ட வேண்டிய தலைக்கட்டு 212. அதில் 94 வீட்டில் இருந்து இன்னும் ஒரு ரூபாயும் வரவில்லை. அவர்களும், பாதி கட்டியவர்களும் மீதியைக் கொடுத்தால் 2,19,000 சேரும். அப்படியும் 55,950 துண்டு விழுகிறது. அதை நன்கொடையால்தான் நிரப்ப முடியும். வரியைக் கூட்டுவதில்லை என்று கமிட்டி ஒரே மனதாக முடிவு செய்திருக்கிறது. மழை ஏமாற்றிய வருசத்தில் வீட்டுக்கு 2,000 என்பதே சிலருக்குப் பாரம்தான்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் வீடு 14. அவர்களுக்கு வரி கிடையாது. மேலே சொன்ன 212-இல் அவர்கள் சேரவில்லை. அப்படியும் ஒரு பாட்டி முடிச்சை அவிழ்த்து 200 ரூபாய் எடுத்து நீட்டினார். வாங்க மாட்டோம் என்றதும் கோபித்துக்கொண்டு நேராகப் போய் உண்டியலில் போட்டுவிட்டார்.

நன்கொடையாளர் பெயர்ப் பலகை இந்த முறை இல்லை. பெரிய தொகை மேலே, சின்னத் தொகை கீழே என்று எழுதப் போய் போன வருசம் வந்த மனஸ்தாபம் போதும். ரசீது எண்ணும் தொகையும் மட்டும் கோவில் சுவரில் ஒட்டுவோம். உங்கள் எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விடுபட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

பணமாக முடியாதவர்கள் பொருளாகத் தரலாம். அன்னதானத்துக்கு 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்து வேண்டும், மூன்று வந்துவிட்டது. பருப்பு, எண்ணெய், காய்கறி, வாழையிலை எதுவானாலும் சரி. பொருளாக வருவதை மேலே உள்ள வரவில் சேர்க்கவில்லை. அது வர வர அன்னதானச் செலவு குறையும், குறைந்ததையும் எழுதி ஒட்டுவோம். பந்தி எல்லாருக்கும் ஒன்றுதான். முந்தி வந்தவர் முந்திச் சாப்பிடலாம்.

கமிட்டி வசூலுக்கு வருகிற மே 3, 10 ஆகிய இரண்டு ஞாயிறும் காலை 7 மணிக்குத் தெருத் தெருவாக வருகிறோம். மற்ற நாட்களில் சாயங்காலம் 6 முதல் 8 வரை கோவில் மண்டபத்தில் பொருளாளர் இருப்பார். ஜிபே பண்ணுகிறவர்களுக்கு மண்டபத் தூணில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது; வெளியூர்க்காரர்களுக்கு ஊர் வாட்ஸாப் குரூப்பில் போட்டிருக்கிறோம். பணம் கமிட்டியின் பாங்க் கணக்குக்குத்தான் போகும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. ரசீது வாங்காமல் யார் கையிலும், எங்கள் கையிலும்கூட, கொடுக்காதீர்கள். மே 15-க்குள் வரி வந்துவிட்டால் மேளத்துக்கும் பந்தலுக்கும் முன்பணம் தடையில்லாமல் கொடுத்துவிடலாம்.

முளைப்பாரி போட நினைக்கும் பெண்கள் மே 17-க்குள் பெயர் கொடுங்கள். காப்புக் கட்டிய ராத்திரியே பயறு தூவ வேண்டும். அப்போதுதான் ஊர்வலத்துக்குப் பயிர் நன்றாக உயரும். போன வருசம் கடைசி நேரத்தில் பதினோரு சட்டி கூடுதலாக வந்து முளைப்பாரி வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது.

வரவு செலவு முழுவதும் ஜூன் 7 ஞாயிறு காலை 9 மணிக்கு மண்டபத்தில் வாசிக்கப்படும். பில் எல்லாம் மேசை மேல் இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்
மாரியம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் விழாக் கமிட்டி

பி.கு.: போன வருச அன்னதானத்துக்கு எடுத்துப்போன கோவில் அண்டா ஒன்றும் பெரிய கரண்டி இரண்டும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் ராத்திரியில் கொண்டுவந்து மண்டபத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாலும் போதும். யார் என்று கேட்க மாட்டோம்.