தனிச்சீரிசை இயக்கம்: ஒரு வளைவிலிருந்து மற்ற இரண்டையும் வரைவது

பதினோராம் வகுப்பு இயற்பியல், அலைவுகள். ஸ்லைடுகளும் ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் பேச வேண்டியதும்.

ஸ்லைடு 1: இன்றைக்கு ஒரே ஒரு எடை

திரையில்: ஸ்டாண்டில் தொங்கும் சுருள்வில், அதன் நுனியில் 200 கிராம் எடை. கீழ்நோக்கிய திசை நேர்க்குறி.

m = 0.2 kg, k = 20 N/m, A = 5 cm
ω = √(k/m) = 10 rad/s
T = 2π/ω = 0.628 s

பேசுவது: எடையை மாட்டியதுமே சுருள்வில் 9.8 செ.மீ நீண்டு நின்றுவிடுகிறது. அங்கே புவியீர்ப்பு விசையும் சுருள்வில்லின் இழுப்பும் சமம். அந்த இடம்தான் நம் நடுநிலைப் புள்ளி, x = 0. அங்கிருந்து 5 செ.மீ கீழே இழுத்து, தள்ளாமல் சும்மா விடுகிறோம். ஒரு அலைவு முடிய 0.628 வினாடிதான் ஆகிறது, கண்ணால் பின்தொடர்வது கஷ்டம். அதனால் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்ததை இருமுறை ஓடவிடுகிறேன். எடை எங்கே தயங்குகிறது, எங்கே விரைகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். சமன்பாட்டை அப்புறம் பார்ப்போம்.

ஸ்லைடு 2: இடப்பெயர்ச்சி வளைவு (நீலம்)

திரையில்: x–t வரைபடம் மட்டும். x = 5 cos 10t. நேர அச்சில் T/4, T/2, 3T/4, T குறிகள்.

பேசுவது: புத்தகத்தில் சைன் இருக்கிறதே, இங்கே ஏன் கொசைன் என்று கேட்பீர்கள். நாம் கடிகாரத்தை எந்த நொடியில் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். எடை கீழ் முனையில் இருக்கும்போது தொடங்கினால் வளைவு +5-இல் ஆரம்பிக்கும், அது கொசைன். நடுநிலைப் புள்ளியைக் கடந்து கீழ்நோக்கிப் போகும்போது தொடங்கினால் சைன். இயக்கம் ஒன்றேதான், அச்சு மட்டும் கால் அலைவு நகர்கிறது.

ஸ்லைடு 3: சாய்வைத் தொட்டுப் பார்ப்போம்

திரையில்: அதே நீல வளைவு. அதன்மேல் இரண்டு சிறு துண்டுகள் பெரிதாக்கிக் காட்டப்பட்டுள்ளன.

t = 0 முதல் 0.01 s வரை: x = 5.000 → 4.975 cm
t = 0.15 முதல் 0.16 s வரை: x = 0.354 → −0.146 cm

பேசுவது: இந்த ஸ்லைடில் நிதானமாக நிற்கிறேன். இது புரிந்தால் மற்ற இரண்டு வரைபடங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு துண்டுகளும் ஒரே அளவு நேரம்தான், நூறில் ஒரு பங்கு வினாடி. முதல் துண்டில் எடை நகர்ந்தது 0.025 செ.மீ. இரண்டாவதில் 0.5 செ.மீ. இருபது மடங்கு! தூரத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் துண்டில் −2.5 செ.மீ/வி, இரண்டாவதில் −50 செ.மீ/வி. எடை மேல்நோக்கிப் போவதால் எதிர்க்குறி.

இப்போது வளைவைப் பாருங்கள். முதல் துண்டு கிட்டத்தட்ட படுக்கையாக இருக்கிறது. இரண்டாவது செங்குத்தாக இறங்குகிறது. வளைவு எவ்வளவு சரிந்திருக்கிறதோ அதுதான் திசைவேகம். வளைவு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் திசைவேகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உச்சியில் உயரம் முழுதாக இருக்கிறது, சாய்வு சுழி. நடுவில் உயரம் சுழி, சாய்வு முழுதாக இருக்கிறது.

ஒரு ஸ்கேலை எடுத்து நீல வளைவின்மேல் தொடுகோடாக வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். ஸ்கேல் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்: படுக்கை, கீழ்நோக்கிச் சரிவு, மறுபடி படுக்கை, மேல்நோக்கிச் சரிவு, படுக்கை. அந்த வரிசைதான் அடுத்த வளைவு.

ஸ்லைடு 4: திசைவேக வளைவு (பச்சை)

திரையில்: நீல வளைவுக்கு நேர் கீழே, அதே நேர அச்சுடன் v–t வரைபடம். T/4, T/2, 3T/4-இல் இரண்டையும் இணைக்கும் புள்ளிக்கோடுகள்.

v = dx/dt = −50 sin 10t (cm/s)

பேசுவது: பச்சை வளைவை மொத்தமாகக் காட்டாமல் புள்ளி புள்ளியாக ஏற்றுகிறேன். t = 0-இல் ஸ்கேல் படுக்கை, ஆகவே v = 0. T/4-இல் மிகச் சரிந்த இறக்கம், ஆகவே −50. T/2-இல் மறுபடி சுழி. 3T/4-இல் மிகச் சரிந்த ஏற்றம், +50. T-இல் சுழி. ஐந்து புள்ளிகளையும் கையால் இணைத்தால் போதும். சமன்பாடு அதன் பிறகு வந்து நாம் போட்டதை உறுதிப்படுத்துகிறது.

ஸ்லைடு 5: அதே வேலை, இன்னொரு முறை (சிவப்பு)

திரையில்: மூன்றாவது வரைபடம், a–t. a = dv/dt = −500 cos 10t (cm/s²)

பேசுவது: இப்போது ஸ்கேலைப் பச்சை வளைவின்மேல் வையுங்கள். தொடக்கத்தில் v சுழிதான், ஆனால் வளைவு படுக்கையாக இல்லை, சரசரவென்று இறங்குகிறது. முதல் 0.01 வினாடியில் v சுழியிலிருந்து −4.99 செ.மீ/வி ஆகிறது. 0.01-ஆல் வகுத்தால் −499. சமன்பாடு சொல்வது −500. T/4-இல் பச்சை வளைவு அடிமட்டத்தில் படுக்கையாகிறது, அங்கே முடுக்கம் சுழி.

ஸ்லைடு 6: மூன்றும் அடுக்காக

திரையில்: நீலம், பச்சை, சிவப்பு ஒன்றன்கீழ் ஒன்றாக. பெரும மதிப்புகள்: 5 cm, 50 cm/s, 500 cm/s². கீழே: a = −ω²x

பேசுவது: மூன்றையும் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது. செ.மீ, செ.மீ/வி, செ.மீ/வி² மூன்றையும் ஒரே செங்குத்து அச்சில் போட்டால், உயரங்களை ஒப்பிடத் தோன்றும். அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. அடுக்காக வைத்தால் நேரம் மட்டும் பொதுவாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

நடுவிலுள்ள பச்சையைக் கையால் மறைத்துவிட்டு நீலத்தையும் சிவப்பையும் மட்டும் பாருங்கள். நீலம் மேலே என்றால் சிவப்பு கீழே, நீலம் சுழி என்றால் சிவப்பும் சுழி. இரண்டு தடவை சாய்வு எடுத்ததில் வளைவு தலைகீழாகத் திரும்பி வந்திருக்கிறது. இது கணக்கின் விளைவு மட்டும் அல்ல. நீட்சிக்கு ஏற்ப விசை என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியே இங்கே தெரிகிறது. எடை எந்தப் பக்கம் விலகினாலும் மீள்விசை எதிர்ப்பக்கம் இழுக்கிறது, விலகலுக்கு நேர்விகிதத்தில். F = −kx, அதை m-ஆல் வகுத்தால் a = −100x. x = 5 என்றால் a = −500. சிவப்பு வளைவு நீலத்தின் தலைகீழ் வடிவமாக இருக்கக் காரணம் அந்தச் சுருள்வில்தான்.

ஸ்லைடு 7: நின்றுவிட்டால் முடுக்கம் இல்லையா?

திரையில்: T/2-இல் ஒரு புள்ளிக்கோடு. x = −5, v = 0, a = +500

பேசுவது: "சார், எடை மேல் முனையில் ஒரு கணம் நிற்குது, அப்போ முடுக்கமும் சுழிதானே?" இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை. நல்ல கேள்வி. பதிலைப் பச்சை வளைவிடமே கேட்போம். T/2-இல் அது சுழியைத் தொட்டு அங்கேயே தங்கவில்லை, எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்குக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அதுவும் மிகச் சரிந்த கோணத்தில். முடுக்கமும் சுழியாக இருந்திருந்தால் எடை மேலேயே நின்றிருக்கும், திரும்பி வந்திருக்காது.

இன்னொன்று: முடுக்கம் எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது என்று எழுதிவிடாதீர்கள். முதல் கால் அலைவில் v எதிர்க்குறி, a-வும் எதிர்க்குறி. எடை வேகம் பிடிக்கிறது. இரண்டாம் காலில் v எதிர்க்குறி, a நேர்க்குறி, வேகம் தணிகிறது. பச்சையும் சிவப்பும் அச்சின் ஒரே பக்கம் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் குறையும்.

ஸ்லைடு 8: முந்துவது யார்?

திரையில்: நீல உச்சி T-இல், பச்சை உச்சி 3T/4-இல், சிவப்பு உச்சி T/2-இல். ஒவ்வொன்றுக்கும் இடையே T/4.

பேசுவது: பச்சையின் உச்சி நீலத்தின் உச்சிக்கு இடப்பக்கம் இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் இடப்பக்கம் இருப்பவர் பின்தங்கியவர், அதனால் இங்கும் பலர் பச்சை பின்தங்குகிறது என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்த அச்சு நேரம். இடப்பக்கம் என்றால் முன்னதாக நடந்தது. திசைவேகம் தன் நேர் உச்சத்தை முதலில் தொடுகிறது, கால் அலைவு கழித்துத்தான் இடப்பெயர்ச்சி தொடுகிறது. ஆகவே திசைவேகம் இடப்பெயர்ச்சியைவிட π/2 கட்டம் முந்துகிறது. முடுக்கம் இன்னொரு π/2 முந்துகிறது, மொத்தம் π.

ஸ்லைடு 9: நேர அச்சை எடுத்துவிட்டால்

திரையில்: a–x வரைபடம், தோற்றப்புள்ளி வழியே இறங்கும் நேர்க்கோடு, சாய்வு −100 s⁻². பக்கத்தில் v–x வரைபடம், நீள்வட்டம். v = ±ω√(A² − x²)

பேசுவது: a–x நேர்க்கோடு −5-இல் தொடங்கி +5-இல் முடிய வேண்டும், அதைத் தாண்டி நீட்டினால் தவறு, எடை அங்கே போவதே இல்லை. நீள்வட்டத்தில் ஒரு சுற்று என்பது ஒரு அலைவு. x = 3 என்றால் v = ±40: அதே இடத்தைப் போகும்போதும் வரும்போதும் கடக்கிறது.

ஸ்லைடு 10: நோட்டில் வரையுங்கள்

திரையில்:

கேள்வி 1. ஒரு a–t வளைவு சுழியில் தொடங்கி நேர்ப்பக்கம் ஏறுகிறது. அதன் x–t, v–t வளைவுகளை வரைக.

கேள்வி 2. நம் எடையையே 5 செ.மீ-க்குப் பதில் 10 செ.மீ இழுத்துவிட்டால் மூன்று வளைவுகளும் எப்படி மாறும்?

பேசுவது: முதல் கேள்வியில் சிவப்பைத் தலைகீழாக்கினால் நீலம் வந்துவிடும்: x = −A sin ωt. அதாவது எடை நடுநிலைப் புள்ளியைக் கடந்து மேல்நோக்கிப் போகும் நொடியில் கடிகாரம் தொடங்கியிருக்கிறது. அதன் சாய்விலிருந்து பச்சை: தொடக்கத்திலேயே −ωA.

இரண்டாவதுக்கு, T மாறாது, 10, 100, 1000 என்று உயரங்கள் மட்டும் இரட்டிப்பாகும் என்று எழுதுவீர்கள். சமன்பாட்டின்படி சரி. இப்போது மேல் முனையைப் பாருங்கள். x = −10 செ.மீ-இல் கீழ்நோக்கி 1000 செ.மீ/வி² முடுக்கம் வேண்டும். புவியீர்ப்பு தருவது 980. மீதி 20-ஐ சுருள்வில் கீழ்நோக்கித் தள்ளித் தர வேண்டும். நம்முடையது சுற்றுகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும் சுருள்வில், 9.8 செ.மீ மேலே வந்ததும் அதன் இயல்பு நீளம் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் அது சுருங்காது, தள்ளவும் தள்ளாது. எடை வெறும் கொக்கியில்தான் மாட்டியிருக்கிறது, அந்த ஒரு நொடித்துளி கொக்கியைவிட்டுத் தளர்ந்துவிடும். சிவப்பு வளைவின் உச்சியை 980-இல் தட்டையாக வெட்டி வரையுங்கள்.