கடை இடமாற்ற அறிவிப்பு

சண்முகா டெய்லர்ஸ்
ஆண்கள், பெண்கள், பள்ளிச் சீருடை, கோட் ஆல்ட்டர்

கடை இடம் மாறுகிறது

இங்கே கடைசி நாள்: 31.1.2026, சனிக்கிழமை, இரவு 8 மணி வரை

புது முகவரி:
கதவு எண் 27/3, தரைத்தளம்,
லாஸ்காட் சாலை, மூஞ்சிக்கல்,
கொடைக்கானல் – 624 101

புதுக் கடையில் வேலை தொடக்கம்: 4.2.2026, புதன்கிழமை, காலை 9.30

செல்போன் எண் மாறவில்லை. பில்லின் தலைப்பில் உள்ள அதே எண்தான்.

தைக்கக் கொடுத்த துணியை 31ஆம் தேதிக்குள் வாங்கிக்கொள்ளவும். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் துணி எங்களோடு புதுக் கடைக்கு வரும்.

(விவரம் வேண்டுவோர் கீழே ஒட்டியுள்ள தாளைப் படிக்கவும். படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உள்ளே வந்து கேட்டால் சொல்கிறோம்.)

*

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏன் மாறுகிறோம் என்று போன வாரம் முழுக்கப் பலர் கேட்டீர்கள். வாடகைத் தகராறு எதுவும் இல்லை. கட்டட உரிமையாளர் எங்களிடம் இன்றுவரை நல்ல முறையில்தான் நடந்துகொள்கிறார். காரணம் பின்பக்கச் சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் ஓதம் ஏறி, அலமாரியின் உள்பக்கம் வரை ஈரம் வந்துவிடுகிறது. மூடுபனி நாளில் ஷட்டரைத் திறந்து வைத்தால் முன்பக்கத்திலிருந்தும் ஈரம். தேய்த்து மடித்து வைத்த துணி இரண்டே நாளில் நமுத்துப் போகிறது. போன நவம்பரில் ஒரு பள்ளி மாணவியின் கம்பளிக் கோட்டில் பூஞ்சை பிடித்து, கழுத்துப் பட்டை முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது. புதுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தோம். ஆனாலும் அந்தப் பிள்ளை ஒரு வாரம் கோட் இல்லாமல் குளிரில் பள்ளிக்குப் போனது எங்கள் மனதைவிட்டுப் போகவில்லை. நம்பிக் கொடுத்த துணியைக் காப்பாற்ற முடியாத இடத்தில் தையல் கடை வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தோம்.

மூஞ்சிக்கல் கடை இதைவிடச் சிறியது. ஆனால் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக உள்ளே விழும். சுவர் காய்ந்த சுவர். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திப் போடுகிறோம்.

இந்த மாதம் வேலை நடக்கும் விதம்

தைப்பொங்கலுக்கு 15, 16 ஆகிய இரு நாளும் கடை விடுமுறை. புதுத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் 21.1.2026 புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் பிளவுஸ், சுடிதார், பேன்ட் எல்லாவற்றையும் புதுக் கடையில்தான் வெட்டுவோம். ஜிப் மாற்றுவது, அடி மடிப்பது, இடுப்புப் பிடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது போன்ற சின்ன வேலைகளை 29ஆம் தேதி வியாழன் மாலை வரை வாங்கிக்கொள்வோம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எங்களிடம் காஜா எடுத்து பட்டன் கட்டும் தம்பி ஒவ்வொரு வருடமும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். இந்த வருடமும் போகிறார், போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதனால் கடைசி வாரத்தில் சட்டைகள் ஒருநாள் தாமதமாகலாம். அவசரச் சட்டை என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், காஜா வேலையை அவர் கிளம்பும் முன் முடித்து வைக்கிறோம்.

வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. 27ஆம் தேதி செவ்வாய் மட்டும் துணி வாங்க வருபவர்களுக்காகத் திறந்திருப்போம். அன்று தையல் கிடையாது.

பிப்ரவரி 1 ஞாயிறு, தைப்பூசம். காலையில் புதுக் கடையில் பால் காய்ச்சுகிறோம். நேரம் இருப்பவர்கள் வந்து ஒரு டம்ளர் பால் சாப்பிட்டுப் போங்கள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் மிஷின் இறக்கி, மோட்டார் மாட்டி, ஓவர்லாக் மிஷினைச் சமன் பார்த்து வைக்கும் வேலை இருக்கும். துணி வாங்கவோ கொடுக்கவோ இயலாது.

சந்தைக்கு வருபவர்களுக்கு

எங்களுக்கு மிகவும் யோசனையாக இருந்தது உங்களைப் பற்றித்தான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சிப் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்து, காய்கறி மூட்டையோடு இந்தப் படியில் உட்கார்ந்து, துணியை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து ஊர் திரும்புபவர்கள் நீங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூஞ்சிக்கல் வரை இறங்குவது சுலபம். சுமையோடு திரும்ப ஏறி வந்து பஸ் பிடிப்பது பெரியவர்களுக்குக் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பிப்ரவரி 8, 15, 22, மார்ச் 1 ஆகிய நான்கு ஞாயிறுகளில், காலை 10 மணி முதல் மதியம் 2 மணி வரை, எங்கள் ஆள் ஒருவர் இதே பழைய கடை வாசலில் இருப்பார். கட்டட உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டோம். தைத்த துணியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், தைக்க வேண்டியதையும் கொடுக்கலாம். அளவு எடுக்க மட்டும் புதுக் கடைக்கு வர வேண்டும். அல்லது நன்றாகப் பொருந்தும் ஒரு அளவு ஜாக்கெட், அளவுச் சட்டை கொடுத்தனுப்புங்கள். மார்ச்சுக்குப் பிறகும் இது தேவைப்பட்டால் சொல்லுங்கள், தொடர்வோம்.

அந்த ஆளிடம் எங்கள் அச்சடித்த பில் புத்தகம் இருக்கும். பில் கிழித்துக் கொடுக்காமல் யார் கேட்டாலும் துணியோ பணமோ கொடுக்க வேண்டாம். எங்களுக்கு வேறு கிளை கிடையாது. எங்களுக்குப் பிறகு இந்த இடத்தில் வேறு யார் கடை வைத்தாலும் அவர்கள் எங்கள் பங்காளிகளும் அல்லர். பழைய கியூஆர் அட்டையை நாங்களே கழற்றிக்கொண்டு போகிறோம், இந்தக் கதவில் இனி எந்த அட்டை ஒட்டியிருந்தாலும் அதில் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

வெகுநாளாகக் காத்திருக்கும் துணிகள்

மூட்டை கட்டும்போது அலமாரியின் மேல்தட்டை இறக்கிப் பார்த்தோம். தைத்து முடித்தும் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் வாங்க வராத துணிகள் 19 இருக்கின்றன. எதையும் விற்கவில்லை, யாருக்கும் தானம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு, பில் எண்ணோடு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். முழுப் பட்டியல் உள்ளே மேசையில் இருக்கிறது. பெயர்களை வெளியில் எழுதுவது சரியல்ல என்பதால் சிலவற்றுக்கு அடையாளம் மட்டும் சொல்கிறோம்:

பில் 2214, மெரூன் கம்பளிக் கோட், இடது பை கிழிந்து தைக்க வந்தது.
பில் 2307, மூன்று பட்டு பிளவுஸ். சின்னாளபட்டி சுங்குடித் துணிப் பையில் வந்தது, பையும் பத்திரமாக இருக்கிறது.
பில் 2391, வெள்ளைச் சட்டையும் சாம்பல் பேன்ட்டும். பேன்ட் பையில் ஒரு சாவி இருந்தது.
பில் 2460, முதல் நற்கருணைக்குத் தைத்த சிறுமியின் வெள்ளை கவுன். பிள்ளை வளர்ந்திருக்கும். ஆனாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தையல் கூலி பாக்கி வேண்டாம்.

அந்த கவுனை எழுதும்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வருத்தமாக இருந்தது. என்ன சூழ்நிலையில் வராமல் போனீர்களோ தெரியாது. இந்தப் பத்தொன்பது துணிகளில் எதற்கும், பாக்கிப் பணம் இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் துணியை மட்டும் வாங்கிப் போங்கள். காத்து வைத்ததற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பில் தொலைந்தவர்கள் கொடுத்த மாதமும் துணியின் நிறமும் சொன்னால் போதும். வீட்டில் அந்தத் துணியின் வெட்டுத்துண்டு ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்போம். உங்களுக்குப் பதில் வேறொருவர் வந்தால், உங்கள் போனிலிருந்து எங்களை ஒரு முறை கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அளவு நோட்டுகள்

1998 முதல் வைத்திருக்கும் அளவு நோட்டுகள் அனைத்தும் எங்களோடு வருகின்றன. நோட்டுகளை மட்டும் வண்டியில் ஏற்றாமல் கையில் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். சில வீடுகளில் அப்பா, மகன், இப்போது பேரன் என்று மூன்று தலைமுறை அளவு அதில் இருக்கிறது. பெரியவர்கள் மறுபடி அளவு கொடுக்கத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகப் புது அளவு வேண்டும். ஜூன் சீருடைக்கு மார்ச் மாதத்திலிருந்தே அளவு எடுக்கத் தொடங்குகிறோம், ஏப்ரல், மே சீசன் கூட்டத்துக்கு முன் வந்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.

தையல் கூலி மாறவில்லை. இடம் மாறிய செலவை உங்கள் பில்லில் ஏற்ற மாட்டோம்.

வழி

பெருமாள்மலை, செண்பகனூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு இனி நாங்கள் பக்கம். பஸ் ஸ்டாண்ட் வரை வராமல் மூஞ்சிக்கல்லிலேயே இறங்கிவிடலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்துக்குள் இறக்கமாகவே வந்துவிடலாம். நீல ஷட்டர், வாசலில் இரண்டு கல் படி. பழைய பெயர்ப்பலகையையே அங்கும் மாட்டுகிறோம், தூரத்திலிருந்தே தெரியும். வயதானவர்களுக்கு வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். நெகிழிப் பை கொடுக்க மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டு மிச்சத் துணியில் தைத்த பைகள் அங்கேயும் இலவசம்.

நேரம்: காலை 9.30 முதல் மாலை 7 வரை. செவ்வாய் விடுமுறை. ஞாயிறு உண்டு.

இந்தப் பக்கம் வராத உங்கள் அண்டை அயலாரில் யாராவது எங்களிடம் துணி கொடுத்திருப்பது தெரிந்தால், 31ஆம் தேதியையும் மூஞ்சிக்கல்லையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
உரிமையாளரும் பணியாளர்களும்,
சண்முகா டெய்லர்ஸ்,
அண்ணா சாலை, கொடைக்கானல்
11.1.2026, ஞாயிறு