அப்புச்சிக்கு எண்பது: பேரனின் வாழ்த்து

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பந்தியில இலை போட ஆரம்பிச்சுட்டாங்க, ரசம் ஆறுறதுக்குள்ள முடிச்சுக்கறேன். இந்த மைக் லேசா 'உம்'முன்னு இரையுதில்ல? அப்புச்சி ரொம்ப நேரமா அதைத்தான் பார்த்துட்டு இருக்காரு, என்னை இல்ல. எர்த் சரியில்லைன்னு அவரு முகத்துலயே தெரியுது. அப்புச்சி, இன்னைக்கு ஒரு நாள் உக்காருங்க. கழுத்துல மாலையோட ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது.

எண்பது நிறைஞ்சா ஆயிரம் பிறை கண்டவருன்னு சொல்லுவாங்க. நான் கணக்குப் போட்டேன். 80 வருஷத்துக்கு 29,220 நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொம்பதரை நாளும் கொஞ்சமும். வகுத்தா 989 தான் வருது. பதினொண்ணு பாக்கி! மோட்டார் காயில்ல ஒரே ஒரு சுத்து கம்பி குறைஞ்சாலும் முழுசா அவுத்துட்டு மறுபடி சுத்தச் சொல்ற மனுசன், பதினொண்ணு குறைஞ்சா விடுவாருங்களா? அந்தப் பாக்கியை முடிச்சுட்டு அடுத்த ஆயிரத்துக்குக் கணக்கைத் தொடங்கட்டும்.

1945-ல பொறந்தவரு. பதினேழு வயசுல கோயமுத்தூர்ல எரிஞ்ச மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுத்தற ஒரு வைண்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போனாரு. 1971-ல சூலூர்ல சொந்தக் கடை. கமலை போய் மோட்டார் வந்த கிணறுங்க பெருகிட்டு இருந்த காலம். ஒரு மோட்டார் எரிஞ்சா நாலு ஏக்கர் வாடும். அதனால ராத்திரி பத்து மணிக்கு மாட்டு வண்டியில மோட்டார் வந்து இறங்கினாலும் அவரு எந்திரிச்சு வருவாரு. ஆனா உடனே கம்பியை எடுக்க மாட்டாரு. மூடியைக் கழட்டி, காயிலை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, முதல் கேள்வி கேப்பாரு: "ஏன் எரிஞ்சது?"

இங்க இருக்கற பாதித் தோட்டக்காரங்களுக்கு அந்தக் கேள்வி பழக்கந்தான். ஸ்டார் கனெக்‌ஷன்ல ரெண்டு ஃபேஸ் காயில் கருகி மூணாவது புதுசாட்டம் இருந்தா, ஓடிட்டு இருக்கறப்பவே ஒரு ஃபேஸ் போயிருக்குது. ஃபியூஸையும் ஸ்டார்ட்டரையும் பாருன்னு அனுப்புவாரு. டெல்டாவுல அதுவே தலைகீழ், ஒண்ணு மட்டும் கருகும். மூணும் ஒரே மாதிரி வறுபட்டிருந்தா ஓவர்லோடு, இல்லைன்னா வோல்டேஜ் கம்மி. ஒரே ஒரு இடத்துல மட்டும் பொத்தல் மாதிரி கருகியிருந்தா அது சுத்தினவன் தப்பு, காயிலுக்கு அடியில வைக்கற காப்புப் பேப்பர் கிழிஞ்சிருக்கும். "காரணத்தைத் தெரிஞ்சுக்காம சுத்திக் குடுத்தா, அடுத்த வாரம் அதே வண்டியில அதே மோட்டார் வரும்"பாரு. ரெண்டு ஃபேஸ் கரண்ட் வர்ற நேரத்துல கண்டென்சரைப் போட்டு மூணு ஃபேஸ் மோட்டாரை ஓட்டி எரிச்சுட்டு, "தானா எரிஞ்சுதுங்க"ன்னு சொன்னவங்களும் இந்த மண்டபத்துல இருக்காங்க. பேர் சொல்லலை. அவருக்குத் தெரியும்.

இதே விசாரணைதான் வீட்லயும். கணக்குல மார்க் குறைஞ்சா மத்த வீட்ல திட்டு விழும். எங்க வீட்ல பரீட்சைத்தாளைக் கொண்டா-ம்பாரு. எந்த இடத்துல கருகியிருக்குன்னு விரலை வச்சுக் காட்டுவாரு. எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி தப்பா இருந்தா, "இது ஓவர்லோடு, டியூசன் ஒண்ணைக் குறைங்க"ன்னு தீர்ப்பு. பேரன் பேத்திங்க ஏழு பேரும் அவருக்கு அதுக்காகவே கடன்பட்டிருக்கோம்.

காய்ச்சல்னு படுத்தாலும் நெத்தியைப் புறங்கையாலதான் தொட்டுப் பார்ப்பாரு. பேரிங் சூட்டை அப்படித்தான் பார்க்கோணும். உள்ளங்கையால தொட்டு, பாடியில கரண்ட் கசிஞ்சிருந்தா, விரல் மடங்கி அதையே பிடிச்சுக்கும்; புறங்கைன்னா கை தானா விலகும். நாங்க யாரும் இதுவரைக்கும் ஷாக் அடிக்கலைன்னாலும் அவரு ரிஸ்க் எடுக்கறதில்ல.

வேலையில அவரு குறுக்கு வழி போனதைப் பார்த்தவங்க இல்ல. பழைய காயிலைக் கழட்டறதுக்கு ஸ்டேட்டரை நெருப்புல போட்டுச் சீக்கிரம் முடிக்கறவங்க உண்டு. அப்படிப் போட்டா தகடுங்களுக்கு நடுவுல இருக்கற பூச்சு எரிஞ்சுபோகும். அப்புறம் எவ்வளவு நல்லாச் சுத்தினாலும் மோட்டார் சும்மா ஓடறப்பவே கொதிக்கும். இவரு ஒரு பக்கத்தை உளியால வெட்டி, அளவாச் சூடு காட்டி, மறுபக்கம் இழுப்பாரு. இழுத்ததை எண்ணுவாரு: எத்தனை சுத்து, என்ன கேஜ், எத்தனாவது ஸ்லாட்டுல இருந்து எத்தனாவதுக்கு. எல்லாம் நோட்டுல ஏறும். அப்புறம் பேப்பர், காயில், மூங்கில் ஆப்பு, நூல் கட்டு, வார்னிஷ், சூட்டறையில காய வைக்கறது. "நாளைக்குத் தண்ணி பாய்ச்சோணும், பச்சையாவே குடுங்க"ன்னு அவசரப்படுத்தினா, "பச்சை வார்னிஷும் பச்சைப் பொய்யும் ஒண்ணு, ரெண்டும் சூடு தாங்காது"ன்னு அனுப்பிடுவாரு. அந்த வசனத்தை அவரு ரொம்பக் காலமாச் சொல்றாரு, நாங்க ஒவ்வொரு தடவையும் சிரிக்கறோம். ரேஷன் கார்டுல பேர் இருக்கறவங்க எல்லாரும் சிரிச்சே ஆகோணும்.

முக்கியமானது ஒண்ணு. எரிஞ்ச செம்புக் கம்பி யாரோடது? தோட்டக்காரரோடது. அதைச் சொல்லாம அமுக்கறவங்களும், கேஜை மாத்தி மெல்லிசுக் கம்பி போடறவங்களும் இந்தத் தொழில்ல இருக்காங்க. அப்புச்சி பழைய கம்பியைத் தோட்டக்காரர் எதுக்கவே தராசுல வச்சு, வேணும்னா எடுத்துட்டுப் போங்க, வேண்டாம்னா அன்னைய ரேட்டுக்குக் கூலியில கழிச்சுக்கங்கன்னு சொல்லுவாரு. கூலி பாக்கிக்குப் பருத்தி எடுக்கற வரைக்கும் காத்திருப்பாரு. அந்தக் கடையில இருந்துதான் எங்க அம்மாவும் ரெண்டு சித்திங்களும் காலேஜ் படிச்சாங்க. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் பாலிடெக்னிக்'குன்னு கேட்டவங்ககிட்ட, "என் நோட்டை நாளைக்கு வேற யாரு படிக்கறது?"ன்னு கேட்டாராம். அந்த நோட்டு இப்ப சின்னச் சித்திகிட்டதான் இருக்குது, கடையும்.

அம்மாயி, உங்களை மறக்கலைங்க. கடைக்கு ஆள் வராத நாள்ல, சமையல் முடிச்சுட்டு ராத்திரி காயில் முனைக்கு நூல் கட்டினது இவங்க. அம்மாயி கட்டின கட்டு அவுந்து ஒரு மோட்டார்கூடத் திரும்பி வந்ததில்ல. அப்புச்சி கட்டினது ரெண்டு வந்திருக்குது. இது அம்மாயி சொன்ன தகவல், நோட்டுல இல்ல.

அப்புச்சி, மூணு தலைமுறைக்குச் சோறு போட்டீங்க. அதை விட, ஒண்ணு எரிஞ்சா உடனே யாரையும் திட்டாம டார்ச்சை எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்க. அதுக்கு ரொம்ப நன்றிங்க. எங்க யாருக்கும் உங்க கை வராது. காதாச்சும் வருமான்னு பார்க்கறோம்.

சரி, எல்லாரும் அந்தச் சுக்குக் காபி டம்ளரைத் தூக்குங்க. பெரியப்பா, போனை வச்சுட்டுத் தூக்குங்க. எங்க அப்புச்சிக்கும் அம்மாயிக்கும்! நோய் நொடி இல்லாம, மோட்டார் காப்பைச் சோதிக்கற மெகர்ல ரீடிங் இறங்காத மாதிரி இருக்கோணும்!

அப்புச்சி டம்ளர்ல மட்டும் கருப்பட்டி போட்டிருக்குங்க அம்மாயி. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. ஏன்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம், முதல்ல டம்ளரை மாத்துங்க.