வீட்டிலா, சானடோரியத்திலா? 1959-ல் வெளியான சென்னைக் காசநோய் ஆய்வின் சுருக்கம்

(சனிக்கிழமை வாசகர் வட்டத்துக்காக. மருத்துவம் படிக்காதவர்களை மனதில் வைத்து எழுதியது.)

தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர். ஒரு காலத்தில் காசநோய் என்றாலே அப்படி ஓர் இடத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு. மாத்திரைகள் வந்த பிறகும் வைத்தியர்கள் பலர் இதை விடத் தயாராக இல்லை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவே போதாது. அப்படியானால் இடம் கிடைக்காதவர்களின் கதி?

இதற்கு விடை தேடித்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959-ல் வெளியானது. அவர்கள் கேட்ட கேள்வி நேரடியானது: அதே மருந்தை அதே ஒரு வருடம் கொடுத்தால், வீட்டில் இருப்பவர் சானடோரியத்தில் இருப்பவர் அளவுக்குக் குணமாவாரா?

சென்னை நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போட்டதுபோலப் பிரித்தார்கள். இந்த ஆய்வை நம்ப இதுவே முக்கியக் காரணம். மருத்துவர் கையில் விட்டிருந்தால் மோசமாக இருப்பவரை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று சொல்லவே முடியாது.

இரண்டு குழுவுக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்துகள். பி.ஏ.எஸ். தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டும். சானடோரியத்தில் ஊழியர் கண்முன்னே விழுங்க வைக்கலாம். வீட்டில்? நோயாளி வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார். சொல்லாமல் கொள்ளாமல் மையத்து ஆட்கள் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்குவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு விட்டால், பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால் நிறம் மாறும். மாறவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை. இந்தச் சின்னச் சோதனையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "சாப்பிட்டேன்" என்ற வாய்வார்த்தையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஒரு வருட முடிவில், சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, வீடு நெரிசல், ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக எடை கூடினார்கள், இவர்கள் அவ்வளவு கூடவில்லை. இத்தனை பாதகம் இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு குணம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி. படுக்கையும் பாலும் சேர்த்த பலன் கொஞ்சம்தான். பெரும்பங்கு வேலையைச் செய்தது மருந்து.

"வீட்டில் குழந்தைகளுக்குத் தொற்றாதா?" என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். இதே நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்து, பின்னால் தனிக் கட்டுரைகள் எழுதினார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் காசநோய் கூடுதலாக வரவில்லை. தொற்றியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம்.

சரி, எங்கே நிதானிக்க வேண்டும்? 86-க்கும் 92-க்கும் உள்ள இடைவெளியை "வித்தியாசமே இல்லை" என்று படிக்கக் கூடாது. குழுவுக்கு நூறு பேர்கூட இல்லை. இந்த எண்ணிக்கையில் ஆறு சதவீத இடைவெளி தற்செயலாகவும் வரலாம், உண்மையான சிறு வித்தியாசமாகவும் இருக்கலாம். எது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும், மறைக்க வழியில்லை. ஒரே நகரம், மையத்துக்கு வாராவாரம் வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். அந்த மருந்துக் கூட்டும் இன்று வழக்கில் இல்லை.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. இங்கே "வீட்டுச் சிகிச்சை" என்பது மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவது இல்லை. வராதவரைத் தேடிப் போக ஆள் இருந்தது, சளியைத் தொடர்ந்து சோதிக்க ஆய்வகம் இருந்தது. அந்த ஆட்கள் இல்லாத ஒரு சாதாரண மருத்துவமனையில் 86 சதவீதம் கிடைக்குமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை.