அப்பாவோட சந்தன கலர் சட்டை

அப்பாகிட்ட நல்ல சட்டைன்னு இருந்தது அந்த சந்தன கலர் காட்டன் சட்டை ஒண்ணுதான், அம்மா இறந்துபோறதுக்கு முன்னாடி ஈரோட்டுல எடுத்துக் கொடுத்தது.

அத்தை பையன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து வந்து பாத்தா அப்பா கட்டில்ல உக்காந்திருக்காரு, மடியில அந்த சட்டை, போட்டுப் பாத்தா கை மணிக்கட்டுக்கு மேல நாலு விரக்கடை ஏறி நிக்குது. "நல்லா வெளுக்கட்டும்னு வாஷிங் மெஷின்ல 90 டிகிரில வச்சேன் கண்ணு"ன்னாரு. குரலே வரல.

காலருக்குள்ள தச்சிருந்த லேபிள திருப்பிக் காட்டினேன். "இந்த தொட்டி படம் பாருங்கப்பா, உள்ள 30ன்னு இருக்கா, அதுக்கு மேல சூடு போகக்கூடாது. நெய்யும்போது இழுத்துப் பிடிச்ச நூல் சுடுதண்ணில தளர்ந்து சுருங்கிடும்." கண்ணாடிய மாட்டிட்டு ஒவ்வொரு படமா கேட்டாரு, வட்டம் போட்ட சதுரம் எதுக்கு, இஸ்திரிப் பெட்டிக்குள்ள ஒரு புள்ளி எதுக்குன்னு.

அப்புறம் வெதுவெதுன்னு தண்ணில தலைக்குப் போடுற கண்டிஷனர் ரெண்டு ஸ்பூன் கலந்து அரைமணி ஊற வச்சோம். துண்டுல சுருட்டி தண்ணிய ஒத்தி எடுத்துட்டு, அவரு தோள்பட்டைய பிடிக்க நான் கைய பிடிச்சு மெதுவா இழுத்தோம். முழுசா வரல, ரெண்டு விரக்கடை வந்துச்சு.

கல்யாணத்துக்கு கைய மடிச்சு விட்டுட்டு அதையேதான் போட்டுக்கிட்டாரு.

திரும்பி வந்ததும் சட்டைய கழட்டி பக்கெட்ல பச்சத்தண்ணி பிடிச்சாரு. "உன் சுடிதார கொண்டா கண்ணு, எத்தனைன்னு நானே பாக்கறேன்."