சித்தூர் வரி ஆலோசகர்: கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். சரக்கு பெரும்பாலும் பொள்ளாச்சியிலிருந்து வருகிறது. என்ன வியாபாரம், எனக்கு வந்த ஜிஎஸ்டி நோட்டீஸில் எவ்வளவு தொகை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் வரி ஆலோசகர் மேடத்தின் வேலை எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பணம். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 900 ரூபாய். நோட்டீஸுக்குப் பதில் எழுதினால் தனிக் கட்டணம். காகிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடங்கும் முன்பே தொகையை எழுதித் தந்துவிடுகிறார். வரியையும் தாமதக் கட்டணத்தையும் அவர் கையில் வாங்குவதே இல்லை. சலான் எடுத்துத் தருகிறார், நம் வங்கிக் கணக்கிலிருந்து நாமே கட்டிக்கொள்கிறோம். முன்பு நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் "ஆபீஸ் செலவு" என்று ஒரு தொகை அடிக்கடி முளைக்கும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆலோசனையிலும் அதே நேர்மை. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்பனையில் ஒரு சதவீத வரியோடு முடிந்துவிடும் என்று கடைவீதியில் பலர் சொல்ல, அதற்கு மாற்றித் தரும்படிதான் அவரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நீங்கள் சரக்கு அனுப்புவது உண்டா?" உண்டு என்றேன். வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு அந்தத் திட்டம் கிடையாது என்று விளக்கினார். வெளிமாநிலச் சரக்கு வாங்கும்போது கட்டிய ஐஜிஎஸ்டியை வரவு எடுக்கும் வாய்ப்பும் அதில் போய்விடுமாம். விண்ணப்பம் போடாததால் அவருக்கு வரவேண்டிய கட்டணமும் போயிற்று. அன்றைக்குக் காசு எதுவும் வாங்கவில்லை.

நோட்டீஸ் விஷயத்திலும் "ஜெயித்துவிடலாம்" என்று ஆசை காட்டவில்லை. எந்தப் பகுதிக்கு நம்மிடம் பில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துக் காட்டினார். இல்லாததற்கு வரியையும் வட்டியையும் இப்போதே கட்டினால் அபராதம் வரை இழுக்காது என்றார். மலையாளத்தில் வந்த கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார்; எங்கள் பக்கத்துப் பலருக்கு அதுவே பெரிய உதவி.

பக்கத்துக் கடைக்காரரும் அவரிடம்தான் வருகிறார். அவருக்கும் இதே நோட்டீஸ் வந்ததா என்று வாயைக் கிளறிப் பார்த்தேன். "அதை அவரிடமே கேளுங்கள்" என்று சிரித்துவிட்டு, என் கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். என் கணக்கும் வெளியே போகாது என்ற தைரியம் அப்போதுதான் வந்தது.

குறையும் உண்டு. ரிட்டர்ன் கெடுவான 20ஆம் தேதி நெருங்கினால் போனை எடுப்பதில்லை, அலுவலகத்தில் உட்கார நாற்காலியும் இருக்காது. அவசரமில்லாத கேள்விகளோடு மாத முதல் வாரத்தில் போங்கள். கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.